நம்ம சமையற்கட்டில் கை கழுவும் முறையும் சீருடையும் திங்கள் முதல் மாறுகிறது: என்ன, எப்படி, ஏன்

மாஸ்டர்கள், உதவிக்கு நிற்கும் தம்பிகள், காய் நறுக்கும் அக்காக்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், பார்சல் கட்டுபவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வரும் திங்கட்கிழமை காலை ஐந்து மணி ஷிப்டிலிருந்து கை கழுவுவதிலும் உடுப்பிலும் விதி இறுகுகிறது. "கை கழுவவும்" என்று மாவு கிரைண்டருக்கு மேலே ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், எண்ணெய்ப் புகை படிந்து அதில் எழுத்தே தெரியவில்லை, இரண்டு வருடமாக அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததும் இல்லை, நானும்தான். அதனால் இந்தத் தடவை ஒற்றை வரி எழுதி ஒட்டாமல், எதைச் செய்யச் சொல்கிறேன், ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் தம்பிகளுக்குச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் இதை இந்தியில் ஒருவர் வாசித்துச் சொல்வார், அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டும் என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

போன மாதம் நடந்தது

உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். ஒரு வளைகாப்புக்கு அறுபது பேருக்கு டிபன் ஆர்டர் வந்தது: கேசரி, உளுந்து வடை, உருளைக்கிழங்கு போண்டா, தேங்காய்ச் சட்னி. எல்லாம் பார்சல்.

காலை ஐந்தரைக்கு வெந்த கிழங்கை ஒரு தம்பி சூட்டோடு சூடாகக் கையாலேயே உரித்து, கையாலேயே மசித்தார். இரண்டு நாள் முன்னால் தேங்காய் துருவும்போது அவருக்கு இடது ஆள்காட்டி விரலில் வெட்டு. மஞ்சள் தடவி, பழைய துணி கிழித்துச் சுற்றியிருந்தார், உள்ளே சீழ் வைத்திருந்தது. தாளித்ததைக் கொட்டிக் கலந்து, அலுமினியக் குண்டானில் மூடி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்துவிட்டார்கள், ஏனென்றால் அன்றைக்கு ஃப்ரிட்ஜ் முழுக்க மாவு. பத்தரைக்கு உருட்டி, கடலை மாவில் தோய்த்துப் பொரித்தார்கள். பதினொன்றுக்குப் பார்சல் போனது, பன்னிரண்டுக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள், இரண்டரை மணியிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வாந்தி. பத்தொன்பது பேர். இரண்டு பேருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, மறுநாள் காலைக்குள் எல்லோரும் எழுந்து நடமாடிவிட்டார்கள்.

மசாலாவில் ஒரு கரண்டிகூட மிச்சம் இல்லை, அதனால் ஆய்வகத்துக்கு எதையும் அனுப்ப முடியவில்லை. அதனால் நூற்றுக்கு நூறு இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சொன்னார்: கேசரியும் வடையும் சட்னியும் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, விழுந்தவர்கள் எல்லோரும் போண்டா எடுத்தவர்கள். சாப்பிட்டு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் திடீரென்று வாந்தி, காய்ச்சல் பெரிதாக இல்லை, ஒரு நாளில் அடங்கிவிடுகிறது என்றால் அது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் வேலைதான் என்று டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். அது சாக்கடையிலிருந்து வருவதில்லை, நம் உடம்பிலேயே குடியிருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூக்குக்குள் இருக்கும், சீழ் வைத்த புண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும்.

"அதான் கொதிக்கிற எண்ணெயில் பொரிச்சோமே, கிருமி எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்டார் நம்ம பெரிய மாஸ்டர். நியாயமான கேள்வி. கிருமி செத்திருக்கும். ஆனால் இந்தக் கிருமி பெருகும்போது ஒரு விஷத்தைக் கக்குகிறது, அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் அழியாது. பொரிப்பதற்கு முன்னாலேயே விஷம் மசாலாவில் இறங்கியாயிற்று.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கிராம் மசாலாவில் நூறு கிருமி விழுந்தது, வெதுவெதுப்பான இடத்தில் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரையிலிருந்து பத்தரை வரை ஐந்து மணி நேரம், அதாவது பத்து முறை இரட்டிப்பு, ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. நூறு, ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். கிராமுக்கு லட்சத்தைத் தாண்டினாலே ஆளை வீழ்த்தும் அளவுக்கு விஷம் சேர்ந்துவிடும் என்பதுதான் பொதுவான கணிப்பு. அடுப்பு ஓரம் வைத்தது ஒரு தப்பு, அதை ஃப்ரிட்ஜ் விஷயமாகத் தனியாகப் பேசுவோம். இந்த நோட்டீஸ் அந்த முதல் நூறைப் பற்றியது. கையில் இருந்து அது விழாமல் இருந்திருந்தால் மீதிக் கதையே கிடையாது.

1. முதலில் புண்ணைச் சொல்லுங்கள், சம்பளம் பிடிக்க மாட்டோம்

இதை முதல் விதியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தம்பி ஏன் புண்ணைக் காட்டவில்லை என்று கேட்டேன். அதற்கு முந்தின மாதம் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்திருக்கிறோம். அப்புறம் எப்படிச் சொல்வார்? தப்பு அவர் விரலில் பாதி என்றால் நம் சம்பள நோட்டில் பாதி.

அமெரிக்காவில் மேரி மேலன் என்று ஒரு சமையல்காரம்மா இருந்தார். அவர் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது, ஆனால் அவருக்கு எந்த நோயும் தெரியாது, நன்றாகத்தான் இருந்தார். அவர் வேலை பார்த்த வீடுகளில் ஒவ்வொன்றாகக் காய்ச்சல் வந்தது. 1907இல் கண்டுபிடித்து அடைத்து வைத்தார்கள், இனி சமையல் வேலைக்குப் போக மாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு 1910இல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலைதான் கிடைத்தது, சமையலில் வந்த கூலி அதில் வரவில்லை. பேரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனார். 1915இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவர் இருந்தபோது இருபத்தைந்து பேருக்கு டைபாய்டு, இரண்டு பேர் செத்தார்கள். சொன்னால் சோறு போய்விடும் என்றால் யாருமே மறைக்கத்தான் செய்வார்கள். இது நூறு வருடத்துக்கு முந்தின கதை, நம்ம அடுப்படியிலும் அதேதான் நடந்தது.

அதனால் திங்கள் முதல் இப்படி:

கையிலோ முகத்திலோ வெட்டு, கொப்புளம், சீழ், வேனல் கட்டி எது இருந்தாலும் ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே என்னிடமோ பெரிய மாஸ்டரிடமோ காட்ட வேண்டும். சாதாரண வெட்டு என்றால் நீல நிற வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் கையுறை. நீலம் எதற்கு என்றால், சாம்பாரிலோ சாதத்திலோ விழுந்தால் பளிச்சென்று தெரியும், நம்ம சாப்பாட்டில் நீல நிறத்தில் எதுவும் கிடையாது. சீழ் வைத்துவிட்டது என்றால் ஆறும் வரை உணவைத் தொடும் வேலை கிடையாது, சரக்கு இறக்குவது, பில் போடுவது, சாப்பாட்டுக் கூடம் பார்ப்பது என்று மாற்றிவிடுவோம், சம்பளம் அதேதான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வராதீர்கள். நின்று முழுசாக 48 மணி நேரம் ஆன பிறகு வாருங்கள். அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு, முதலாளியிடம் பேசி முடித்துவிட்டேன். இதை யாராவது சும்மா லீவு எடுக்கப் பயன்படுத்துவார்களா? ஒன்றிரண்டு பேர் செய்வார்கள்தான். பத்தொன்பது பேர் வாந்தி எடுத்ததற்கு ஆன செலவைவிட அது குறைவு.

2. தோள் துண்டு ஒழிகிறது

இதில்தான் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். நானும் பதினைந்து வருடம் தோளில் துண்டு போட்டு நின்றவன்தான்.

ஒரு நாள் காலை அதற்காகவே உட்கார்ந்து, ஒரு மாஸ்டரின் துண்டை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவினார், துண்டில் துடைத்தார். நெற்றி வியர்வை, துண்டு. சூடான தோசைக்கல் கைப்பிடி, துண்டு. சப்ளையர் கொண்டுவந்த தட்டின் ஓரத்தில் சட்னி வழிந்திருந்தது, துண்டு. சிக்கன் ஊறவைத்த கையைக் குழாயில் ஒரு நனை நனைத்துவிட்டு, துண்டு. மூக்கு. துண்டு. கடைசியில் தோசையைத் தட்டில் வைப்பதற்கு முன்னால் கையை மறுபடி அதே துண்டில் துடைத்துக்கொண்டு, தோசையைப் பிடித்து மடித்தார். அந்த ஆள் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கை கழுவினார், நான்கு முறையும் கழுவின கையைத் திரும்ப அழுக்காக்கிக்கொண்டார். ஈரத்துணி, அடுப்பு வெக்கை, கூடவே கொஞ்சம் உணவுத் துணுக்கு, கிருமி வளர்க்க வேறென்ன வேண்டும்.

அதனால் துண்டு செய்த நான்கு வேலைக்கும் நான்கு பொருள் வருகிறது. கை துடைக்க, பேசினுக்குப் பக்கத்தில் சுவரில் பேப்பர் டவல். வியர்வைக்கு, தலையில் கட்டும் காட்டன் பட்டையும் ஆளுக்கு இரண்டு கைக்குட்டையும், கைக்குட்டை பேண்ட் பையில்தான் இருக்க வேண்டும், எடுத்துத் துடைத்தால் கை கழுவ வேண்டும். சூடு பிடிக்க, தடித்த பிடிதுணி, அது அடுப்பு மேடைக் கொக்கியில்தான் தொங்கும், தோளுக்கு வராது, கொதிக்கும் குண்டானுக்கு இடுக்கி இருக்கவே இருக்கிறது. தட்டு ஓரம் துடைக்க, சப்ளை ஜன்னலில் டிஷ்யூ. மேடை துடைக்கிற துணி மட்டும் துணியாகவே இருக்கும், அது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும், அழுக்குத் துணி மூடி போட்ட வாளிக்குப் போகும்.

பேப்பர் டவல் செலவு என்று கணக்குப் பிள்ளை முறைக்கிறார். ஒரு கைக்கு ஒரு தாள், இரண்டு கிடையாது. அப்படிப் பார்த்துக்கொண்டால் அவரை நான் சமாளிக்கிறேன்.

3. எங்கே கழுவுவது, எப்படிக் கழுவுவது

கை கழுவ மட்டும் இரண்டு பேசின் வைத்தாயிற்று, ஒன்று பின்கதவு உள்ளே நுழைந்ததும், இன்னொன்று தோசைக்கல்லுக்கும் காய் மேடைக்கும் நடுவில். இரண்டுக்கும் காலால் அழுத்தும் குழாய். இனிமேல் பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலும் காய் அலசும் தொட்டியிலும் கை கழுவக் கூடாது. அதேபோல இந்த பேசினில் டம்ளர் அலசுவது, மாவுக் கரண்டியை நனைப்பது, வெற்றிலை துப்புவது எதுவும் கூடாது. பேசினுக்குக் கீழே எதையாவது அடுக்கி வழியை மறிக்கவும் கூடாது, போன வாரமே யாரோ வெங்காய மூட்டையை அங்கே சாத்தி வைத்திருந்தீர்கள்.

சோப்பு விஷயம். நம்ம போர் தண்ணீர் எப்படி என்று குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளைக் காரையைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி ஒரு பிசுக்கு கையில் ஒட்டும், அது போகவில்லையே என்று ரெண்டு தேய்ப்போடு விட்டுவிடுகிறோம். குறை உங்கள் மேல் மட்டும் இல்லை. அதனால் இந்த இரண்டு பேசினுக்கும் மாநகராட்சித் தண்ணீர் டேங்கிலிருந்து தனி பைப் இழுத்திருக்கிறோம், கட்டி சோப்புக்குப் பதில் லிக்விட் ஹேண்ட்வாஷ். கட்டி சோப்பு நாள் முழுக்க ஈரத்தில் ஊறிக் கிடக்கும், பதினான்கு பேர் தொட்டது வேறு.

இனி கழுவுவது. முழங்கை வரை கை வெளியே இருக்க வேண்டும். முதலில் தண்ணீரில் நனையுங்கள், காய்ந்த கையில் லிக்விடைப் பிழிந்தால் பாதி வழிந்து போகும். ஒரு அழுத்து போதும். குழாயை விட்டுவிட்டு இருபது எண்ணும் வரை தேய்க்க வேண்டும், "ஒண்ணு, ரெண்டு" என்று நிதானமாக, ஏலம் விடுகிற வேகத்தில் இல்லை. உள்ளங்கை நாம் எல்லோரும் தேய்க்கிறோம். விட்டுப்போவது மூன்று இடம்: கட்டைவிரல், விரல் நுனியோடு நகக்கண், விரல் இடுக்கு. கட்டைவிரலை அடுத்த கைக்குள் பிடித்துத் திருக வேண்டும். விரல் நுனிகளைச் சேர்த்துக்கொண்டு எதிர் உள்ளங்கையில் பிறாண்ட வேண்டும். பிறகு புறங்கை, மணிக்கட்டு. ஓடும் தண்ணீரில் அலசி, பேப்பரில் ஒற்றித் துடைத்துவிடுங்கள். ஈரக் கை கூடாது, ஈரத்தில்தான் கிருமி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சுலபமாகத் தாவும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் ஒரு சோதனை வைக்கப் போகிறேன். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து ஒவ்வொருவர் கையிலும் பூசுவோம், நீங்கள் வழக்கமாகக் கழுவுகிற மாதிரிக் கழுவுங்கள். வீட்டில் நான் செய்து பார்த்தபோது உள்ளங்கை சுத்தமாகிவிட்டது, இரண்டு கட்டைவிரலின் அடிப்பக்கமும் எல்லா நகக்கண்ணும் மஞ்சளாகவே நின்றது. இத்தனை வருடமாக நான் கழுவின கை அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள், மருதாணி இருந்தால் பரவாயில்லை, நகப் பாலிஷ் கூடாது, அது செதில் செதிலாக உரிந்து மாவில் விழும்.

4. எப்போதெல்லாம்

பெரிய பட்டியல் போட்டால் ஒருவருக்கும் நினைவில் நிற்காது. கேள்வி ஒன்றுதான்: இப்போது தொட்டதற்கும், அடுத்துத் தொடப் போகிற உணவுக்கும் நடுவில் அழுக்கு வரக்கூடிய எதுவும் இருந்ததா? இருந்தால் கழுவ வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன். தெரிந்தும் விடுபடுகிற சிலதை மட்டும் சொல்கிறேன். கழிப்பறைக்குப் போனால் அங்கே ஒரு தடவை, சமையற்கட்டுக்குள் நுழைந்ததும் பின்கதவு பேசினில் இன்னொரு தடவை, ஏனென்றால் நடுவில் இரண்டு கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டு வருகிறீர்கள். முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் வந்து இறங்கி, இறால் உரித்து, சிக்கன் வெட்டி முடித்த கை கழுவாமல் கொத்தமல்லித் தழை டப்பாவுக்குள் போகக் கூடாது. அது சமைக்காமல் மேலே தூவுவது, அதற்கப்புறம் நெருப்பே கிடையாது. முட்டை உடைத்த பிறகும் அப்படித்தான், தோசைக்கல்லில் முட்டை தோசை ஊற்றுபவர்கள் ஓட்டைத் தூக்கிப் போட்ட கையோடு அடுத்த தோசையை மடிக்கிறார்கள்.

போன். பார்சல் கவுண்டரில் இருக்கும் தம்பி க்யூஆர் ஸ்கேன் ஆனதா என்று போனைப் பார்க்கிறார், சில்லறை கொடுக்கிறார், அதே கையால் பரோட்டாவை இலையில் எடுத்து வைக்கிறார். திங்கள் முதல் காசு வாங்குபவர் வேறு, கட்டுபவர் வேறு. சமையற்கட்டுக்குள் போன் இல்லை, லாக்கரில் வைத்துவிடுங்கள், வீட்டிலிருந்து அவசரம் என்றால் கடை நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பீடி, ஹான்ஸ், வெற்றிலை பற்றி எத்தனையோ முறை பேசியாயிற்று. வாய்க்குப் போன விரல் கழுவாமல் மாவுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

5. கையுறை, சானிடைசர்: இரண்டும் கழுவுவதற்கு மாற்று இல்லை

சானிடைசர் கையில் எண்ணெயும் மாவும் இருக்கும்போது வேலை செய்யாது, நம்ம கையில் அது எப்போதும் இருக்கும். நோரோ வைரஸ் என்று வாந்தி பேதி வர வைக்கிற ஒன்று இருக்கிறது, அதற்கு சானிடைசர் பெரிதாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான் அதைத் தேய்த்துத் தள்ளும். அதனால் அந்த பாட்டிலைச் சமையற்கட்டிலிருந்து எடுத்து, சாப்பிட வருகிறவர்களுக்கு முன்வாசலில் வைத்தாயிற்று.

கையுறை எல்லோருக்கும் கிடையாது. சமைத்து முடித்ததைக் கையால் தொடுபவர்களுக்கும், விரலில் பிளாஸ்டர் போட்டவர்களுக்கும் மட்டும். போடும் முன் கை கழுவ வேண்டும், வேலை மாறினால் கழற்றிப் போட வேண்டும். அடுப்பு, தோசைக்கல், பரோட்டாக்கல் பக்கம் கையுறையோடு நிற்கவே கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் வெறுங்கையாலேயே அடிக்கட்டும், கல்லில் வேகப் போகிற மாவுதான் அது, கழுவின கையாக இருந்தால் போதும். ஆனால் வெந்த பரோட்டாவைத் தட்டிப் பிரிக்கிற கை மாவு பிசைந்த கையாக இருக்கக் கூடாது, நடுவில் ஒரு கழுவல்.

6. சீருடை

ஆளுக்கு மூன்று செட், கடைச் செலவு. ஒன்று போட்டிருப்பது, ஒன்று துவைக்கப் போனது, ஒன்று லாக்கரில். சட்டை அரைக்கை, வெளிர் நிறம், முழுக் காட்டன். வெளிர் நிறத்தில் அழுக்கு தெரியும், அதுதான் வேண்டும். நைலான் கலந்த துணி மலிவாக வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன், நெருப்பு பட்டால் உருகி உடம்பில் ஒட்டும், மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கவும் முடியாது. சட்டையில் மேல்பாக்கெட் இல்லை, குனியும்போது பேனாவும் சில்லறையும் குண்டானில் விழுவதால்.

சீருடை கடைக்குள் மட்டும்தான். நெல்லிக்குப்பத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள், வண்டியில் வருகிறவர்கள் சொந்த உடுப்பில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பஸ் கம்பியிலும் சீட்டிலும் உரசின துணி மாவு மேடையில் உரச வேண்டாம். துவைப்பதும் கடைதான் பார்த்துக்கொள்ளும், வெந்நீரில் துவைத்துத் தேய்த்து வரும், வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். கைலி கட்டி அடுப்பில் நிற்பது முடிந்தது. அது சுத்தத்துக்காக மட்டும் சொல்வதில்லை, எண்ணெய் கொட்டினால் கைலிக்கும் காலுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ரப்பர் செருப்புக்குப் பதிலாக மூடிய, வழுக்காத ஷூ.

ஏப்ரன் இரண்டு நிறம். சமைக்காத மீன், கறி, முட்டை தொடுகிறவர்களுக்கு நீலம், மற்ற எல்லோருக்கும் வெள்ளை. நீல ஏப்ரனோடு யாராவது சட்னி அரைக்கும் பக்கம் நின்றால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கழிப்பறைக்குப் போகும்போது ஏப்ரனைக் கழற்றி வெளியே மாட்ட வேண்டும், அதற்காகக் கதவுக்கு வெளியே சிவப்பு பெயின்ட் அடித்து ஆறு கொக்கி அடித்திருக்கிறேன். மதியம் மூன்றுக்கு எல்லோரும் ஏப்ரன் மாற்ற வேண்டும்.

தொப்பி முடி முழுவதையும் மூட வேண்டும், முன்னால் கிருதா தெரிகிற மாதிரி ஸ்டைலாக வைத்தால் அது தொப்பி இல்லை. முடி உணவில் விழுவது ஒரு பங்கு, தலையைச் சொறிந்த கை உணவுக்குப் போவது அதைவிடப் பெரிய பங்கு. தாடி இருந்தால் தாடிக்கும் வலை. அக்காக்கள் பூவை லாக்கரில் வைத்துவிட்டுப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி வளையல் கூடாது, உடைந்தால் துண்டைத் தேடி எடுக்கவே முடியாது. தாலி உள்ளே இருக்கட்டும், அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

கையில் கட்டின சாமிக் கயிறு பற்றி இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். கயிறு ஈரத்தை உறிஞ்சி நாள் கணக்கில் வைத்திருக்கும், அதற்கடியில் சோப்பு போகாது, மோதிரத்துக்கும் வாட்ச்சுக்கும் இதே கதைதான். அறுக்கச் சொல்லவில்லை. புஜத்துக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது கழுத்தில். கோயிலில் கட்டின அய்யரிடமே கேட்டுவிட்டு வந்தார் ஒருவர், மேலே கட்டினால் தோஷம் ஒன்றும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டாராம்.

7. எப்படிப் பார்ப்போம்

பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, அது உங்களுக்கும் மரியாதை இல்லை. சோப்பு கேனே சொல்லிவிடும். பதினான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது பன்னிரண்டு தடவை, தடவைக்கு 2 மில்லி. நாளுக்கு 336 மில்லி வருகிறது. 5 லிட்டர் கேன் ஏறக்குறைய பதினைந்து நாளில் தீர வேண்டும். ஒரு மாதம் வந்தால் பாதிக் கழுவல்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம், நான் அப்போது யாரையும் திட்ட மாட்டேன், எந்த ஷிப்டில் எந்த பேசினில் குறைகிறது என்று பார்த்து, அங்கே என்ன இடைஞ்சல் என்று கேட்பேன். தண்ணீர் வரவில்லையா, பேப்பர் தீர்ந்துவிட்டதா, கூட்ட நேரத்தில் ஆள் போதவில்லையா? நாலு நாளில் கேன் தீர்ந்தால் யாரோ பாத்திரம் தேய்க்க எடுக்கிறார்கள்.

அபராதம் கிடையாது. இரண்டு வாரம் பழகுவதற்கு. அதற்குப் பிறகும் துண்டு தோளில் ஏறினால், தொப்பி இல்லாமல் நின்றால், அன்றைக்கு அடுப்பு வேலையை விட்டு வேறு வேலைக்கு மாற்றுவேன், பெரிய மாஸ்டராக இருந்தாலும், நானாக இருந்தாலும். நான் தொப்பி இல்லாமல் உள்ளே வந்தால் வெளியே போகச் சொல்ல உங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு.

இதெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்த விதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம உணவு உரிமத்துக்கான 2011ஆம் வருட ஒழுங்குமுறையில் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, கை கழுவுவது, சுத்தமான உடுப்பு, தலை மூடுவது, புண்ணோடு உணவைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனையும், டைபாய்டு போன்றவற்றுக்குத் தடுப்பூசியும்கூட அதில் சொன்னதுதான். சுகாதாரமில்லாமல் உணவு தயாரித்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். உணவு பாதுகாப்பு அலுவலர் வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் தொப்பியைத் தேடுகிற பழக்கத்தை நாம் விட வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்கான நாளைத் தனியாகச் சொல்கிறேன், மலப் பரிசோதனையும் உண்டு, கூச்சப்பட வேண்டாம், முடிவு என்னிடமும் உங்களிடமும் மட்டும்தான் இருக்கும். யாருக்காவது ஏதாவது தெரிந்தாலும் முதல் விதியில் சொன்ன அதே பேச்சுதான், வேலை மாறும், சம்பளம் மாறாது.

சட்டை அளவும் ஷூ அளவும் இன்னும் ஐந்து பேர் சொல்லவில்லை. நாளை சாயங்காலம் டீ நேரத்துக்குள் பெரிய மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், தைக்கிறவர் சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த விரல் வெட்டிக்கொண்ட தம்பிக்குப் புண் ஆறிவிட்டது, பில் கவுண்டரிலிருந்து திங்கட்கிழமை மறுபடி உள்ளே வருகிறார், அவரிடம் போண்டா பேச்சு யாரும் எடுக்க வேண்டாம்.